எந்த உப்பு?

நீரஜா மிஸ்ஸுக்கு ஒரு பெயர் உண்டு. பெயர் என்றால் நல்ல பெயர்தான். மயிலாப்பூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுக்கிறவள். விடைத்தாளில் 'உப்பு' என்று மொட்டையாக எழுதினால் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'எந்த உப்பு?' என்று கேட்டுவிடுவாள். வகுப்புப் பெண்கள் அவளுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 'எந்த உப்பு வருது, எழுந்திருங்கடீ' என்று அவர்கள் கிசுகிசுப்பது அவள் காதிலும் விழும். உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவளின் வாய்தான் அந்த வெள்ளிக்கிழமை அவள் காலை வாரிவிட்டது.

மறுநாள் பெற்றோர் வந்து பார்க்கும் நாள். நீரஜா ஒரு திட்டம் போட்டிருந்தாள். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் எந்த முனையில் எது வரும் என்று பெற்றோரை முதலில் ஊகிக்கச் சொல்வது, பிறகு கண் முன்னால் நடத்திக் காட்டுவது. முதலில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் கரைசல். அடுத்தது சோடியம் சல்பேட், அதில் லிட்மஸ் சாயம்; அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் நீலமாகும். எல்லாம் தயார் செய்கிற வேலை ஷம்ஷாத்துடையது.

ஷம்ஷாத் அந்த ஆய்வகத்தின் உதவியாளர். முன்பு பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தவள். நீரஜாதான் சிபாரிசு செய்து ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தாள். நீலக் கோட்டு கொடுத்த அன்று அதைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியவள். கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் இஸ்திரி போட்டுக்கொண்டு வருவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீரஜா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் போன். மறுமுனையில் கணவன் கிச்சா, தி.நகரில் காரை நிறுத்த இடமில்லாமல் சுற்றிக்கொண்டு, எரிந்து விழுந்துகொண்டிருந்தான்.

"மிஸ், சோடியம் சல்பேட் பாட்டில்ல ஒண்ணுமே இல்ல. இன்னா பண்றது?" என்றாள் ஷம்ஷாத்.

"ஏதாவது ஒரு உப்பைப் போட்டு வைங்க. கரண்ட் போறதுக்குத்தானே அது. பிரியப்போறது தண்ணிதான்."

"எந்த உப்பு மிஸ்?"

"உப்புன்னா உப்பு, ஷம்ஷாத்! எதுவா இருந்தா என்ன?"

எந்த உப்பு என்று கேட்டே பெயர் வாங்கியவள் சொன்ன பதில் இது. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை ஆய்வகம் நிறையப் பெற்றோர். ஏசி போட்டு ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மயில்துத்தம் மானத்தைக் காப்பாற்றியது. கேத்தோடாக, அதாவது எதிர்மின்வாயாக இருந்த கரிக்குச்சியில் செம்பு செந்தவிட்டு நிறத்தில் படிந்தது; நேர்மின்வாயான ஆனோடில் குமிழிகள் கிளம்பின. "செம்புக்கு எலக்ட்ரான் வாங்கறதுல அவசரம் ஜாஸ்தி. தண்ணிக்கு முன்னாடி அது வாங்கிடும். இந்தப் பக்கம் சல்பேட் எலக்ட்ரானை விடாது. அதனால தண்ணி விடும், ஆக்சிஜன் வரும்" என்று நீரஜா விளக்கினாள். பெற்றோர் கை தட்டினார்கள்.

அடுத்து யு வடிவக் குழாய். ஊதா நிறக் கரைசல், இரண்டு பக்கமும் கரிக்குச்சி.

"இதுல சோடியம். சோடியம் இருக்கே, லேசுல எலக்ட்ரானை வாங்காது. தண்ணிதான் வாங்கும். கேத்தோட்ல ஹைட்ரஜன், அந்தப் பக்கம் நீலமாகும். ஆனோட்ல ஆக்சிஜன், அந்தப் பக்கம் சிவக்கும். பாருங்கோ."

நீலம் வந்தது. மறுபக்கம் சிவப்பும் வந்தது. வந்த சிவப்பு நிற்கவில்லை. வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் தண்ணீர் நிறமாகிவிட்டது.

நீரஜாவுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். சாயம் வெளுக்கிறதென்றால் அங்கே வருவது ஆக்சிஜன் இல்லை. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் கண்டதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஆக்சிஜன் பட்டால் பளிச்சென்று கனலட்டும் என்று கொளுத்தி வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்துக் குழாயின் வாயருகே நீட்டினாள். கனல் மங்கியது. அறையில் ஊதுபத்தி வாசனைதான் தூக்கலாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

"ப்ளீச்சிங் பவுடர் மாதிரி அடிக்கறதே?" என்றார் ஒரு அப்பா.

குளோரின். நீரஜா பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். "எல்லாரும் வெளில போங்கோ! ஷம்ஷாத், ஜன்னல்!" ஆனால் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று உதவிக்கொண்டிருந்த மாணவி ஹம்சாவுக்கு வீசிங் உண்டு. அந்தப் பெண் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கி, மூச்சு இழுக்க, வெளியே வராந்தாவில் உட்கார்ந்தே விட்டாள். பையிலிருந்து இன்ஹேலரைத் தேடி எடுப்பதற்குள் அவளுடைய அம்மா போட்ட சத்தத்தில் மாடி முழுக்கக் கூடிவிட்டது.

டாக்டர் வந்து பார்த்து, மூச்சு சீராகி, பயமில்லை என்று சொன்ன பிறகு பிரின்சிபால் சூடாமணி கேட்டார். மாணவிகளும் பெற்றோரும் சுற்றி நிற்க, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"யார் இதை ரெடி பண்ணது?"

"நான்தான் மேடம்" என்றாள் ஷம்ஷாத்.

"என்னத்தைப் போட்டே?"

"கேன்டீன் உப்பு மேடம். கொஞ்சமா போட்டா குமிழி சரியா வரல. அதான் நெறய போட்டேன்."

"சமையல் உப்பையா? சமையல் உப்பைப் போட்டா குளோரின் வரும்னு தெரியாதா உனக்கு?"

ஷம்ஷாத் நீரஜாவைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. மிஸ் இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை.

நீரஜா வாயைத் திறக்கத்தான் செய்தாள். 'நான்தான் எந்த உப்பானாலும் சரின்னு சொன்னேன்.' அவ்வளவுதான் வாக்கியம். முகத்துக்கு நேரே ஹம்சாவின் அம்மா நின்றாள். பின்னால் நீரஜாவின் மாணவிகள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"திங்கக்கிழமையிலிருந்து நீ லேப் பக்கம் வராதே. கேட்ல உக்காரு" என்றார் சூடாமணி.

ஷம்ஷாத் அங்கேயே கோட்டைக் கழற்றி மடித்து ஆய்வக மேசையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மந்தைவெளி வீட்டில் கிச்சா ஆறுதல் சொன்னான். "அவ தப்பு பண்ணினா நீ என்ன பண்ணுவே? விடு."

விட்டாள். அவனிடமும் சொல்லாமல் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை வாயில் வைத்த கிச்சா, "உப்பே போடலியா?" என்றான். நீரஜா சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள். பாவம் கிச்சா, சாம்பாரைக் குறை சொன்னதற்காக இவ்வளவா என்று விழித்தான்.

திங்கள்கிழமை ஹம்சா வகுப்புக்கு வந்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். முதல் கேள்வியும் அவளுடையதுதான்.

"மிஸ், சாட்டர்டே நடந்ததை வீட்ல படிச்சுப் பார்த்தேன். கேத்தோட் புரியுது. சோடியம் வாங்காது, தண்ணி வாங்கும், ஹைட்ரஜன் வரும். ஆனோட்தான் புரியல. புக்ல இருக்கிற வோல்டேஜைப் பார்த்தா குளோரைடை விடத் தண்ணிதான் ஈசியா எலக்ட்ரானை விடணும். அப்ப ஆக்சிஜன்தானே மிஸ் வரணும்? ஏன் குளோரின் வந்துது?"

நல்ல கேள்வி. வேறு நாளாக இருந்தால் நீரஜா அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

"கணக்குப்படி நீ சொல்றது சரி" என்றாள். "முறை தண்ணியோடதுதான். ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். தண்ணி ஆக்சிஜனா மாறணும்னா அந்த முனையில பல கட்டம் தாண்டணும், அதனால மெதுவா நடக்கும். கணக்குல இருக்கறதைவிட அதிகமா வோல்டேஜ் குடுத்துத் தள்ளினாத்தான் நகரும். குளோரைடுக்கு அந்தக் கஷ்டம் இல்ல. கரைசல்ல உப்பு நெறைய இருந்தா, தண்ணி தயங்கற நேரத்துல குளோரைடு முந்திண்டு எலக்ட்ரானைக் குடுத்துடும். உப்பு ரொம்பக் கம்மியா இருந்தா ஆக்சிஜன்தான் அதிகமா வரும்."

"அப்ப முறை இருந்தும் தண்ணி சும்மா இருந்துடுது" என்றாள் ஹம்சா, எழுதிக்கொண்டே.

நீரஜா சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாகக் கீழே கேட் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஷம்ஷாத். கோட்டு இல்லாமல் பார்க்க யாரோ போல இருந்தாள்.

நீரஜாவின் முறை சனிக்கிழமை வந்தது. அவள் சும்மா இருந்துவிட்டாள். ஷம்ஷாத் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டாள்.

"சனிக்கிழமை வெச்ச அந்தக் கரைசல்ல எந்த உப்பு போடறதுன்னு ஷம்ஷாத் முந்தின நாளே என்னைக் கேட்டாங்க" என்றாள் நீரஜா. "எதுவா இருந்தா என்னன்னு நான்தான் சொன்னேன். தப்பு என்னோடது. உன் அம்மாகிட்டயும் நானே சொல்றேன், ஹம்சா."

வகுப்பில் யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

பிரின்சிபால் அறையில் சூடாமணி முழுவதையும் கேட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அன்னிக்கு என் பக்கத்துலதானே நின்னுண்டிருந்தேள் நீரஜா?"

"ஆமாம் மேடம்."

"அத்தனை பேர் முன்னாடி அவளைத் திட்டினேன். அதை எப்படித் திருப்பி எடுத்துக்கறது, சொல்லுங்கோ" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "போங்கோ. நீங்களே போய்க் கூட்டிண்டு வாங்கோ."

நீரஜா நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். ஷம்ஷாத் எழுந்து நின்றாள். எழாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மேடம்கிட்ட சொல்லிட்டேன். பசங்ககிட்டயும் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க ஷம்ஷாத். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

ஷம்ஷாத் கோட்டை வாங்கிக்கொண்டாள். அதன் கசங்கலைக் கையால் நீவினாள்.

"உப்பு விசயம் எனக்குத் தெரியாது மிஸ், தெரியாமப் பண்ணிட்டேன். அது பரவாயில்ல. நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கினு நின்னேன் பாருங்க, அதான்." கோட்டைப் போட்டுக்கொண்டு படியேறினாள்.

அவள் மறுபடி ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள். முன்போலவே வேலை செய்கிறாள், முன்போலவே வணக்கம் சொல்கிறாள். ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. நீரஜா எதைக் கேட்டாலும், வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அலமாரிக்கு முன்னால் நின்று திரும்பி, மரியாதையாக, கோபமே இல்லாமல் கேட்கிறாள்:

"எந்த உப்பு மிஸ்?"

பாட்டில் அவள் கைக்கு எதிரிலேயே இருக்கும். பெயரும் அதில் ஒட்டியிருக்கும். இருந்தாலும் நீரஜா ஒவ்வொரு தடவையும் முழுப் பெயரையும் வாய்விட்டுச் சொல்கிறாள். சொல்லி முடிக்கும்வரை ஷம்ஷாத் கையை நீட்டுவதில்லை.