இரண்டு கொடியும் வீட்டில் இல்லை

எட்டுப் பேர் இரண்டு அணியாகக் கணினி முன்னால் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார்கள். கொடிக்காரி தன் மேசையிலிருந்து அவர்கள் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி விளையாட்டில் கொடி பிடிக்கும் முறையை வடிவமைத்தவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். பக்கத்து மேசைக்காரி 'மேட்டக்கா', மேடு பிடிக்கும் முறையைச் செய்தவள். வெளியீட்டில் ஒன்றுக்குத்தான் இடம். மற்றதைச் செய்தவருக்கு இந்த மாதத்தோடு வேலை முடிந்துவிடும்.

காலையில் மேடு ஜோராக ஓடியது. மேட்டில் தனியாக நிற்கும் அணிக்குக் கடிகாரம் ஓடும், ஓடும் வரை புள்ளி ஏறும். எதிரி ஒருவன் கால் வைத்தாலும் நின்றுவிடும். எங்கே போவது என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கொடிக்கு வந்தது கேடு. எதிரி கொடியைத் தூக்கி வந்தால் மட்டும் போதாது, தன் கொடியும் வீட்டில், அதாவது தன் அணியின் மேடையில், இருந்தால்தான் புள்ளி. காவலை மறக்கக்கூடாதென்று அவள் ஆசையாக வைத்த விதி. இப்போது இரண்டு அணியும் எதிரி கொடியைப் பறித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் ஒளிந்துகொண்டன. தேடிப் போனவர்கள் சுற்றிச் சுற்றி அலுத்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். எதை வெளியிடுவது என்று முடிவு செய்யும் இயக்குநர் ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

மேட்டக்கா மெல்லச் சாய்ந்தாள். "ஏய், ரெண்டு கொடியும் வெளிய இருந்தா, தூக்கி வச்சிருக்கறவன் எங்க இருக்கான்னு மேப்ல எல்லாருக்கும் காட்டிடு. அப்புறம் அவன் நிக்கிற இடம்தான் மேடு."

"அக்கா, இது உங்க..."

"பேசாம போடுடி."

கொடிக்காரி அதை நிரலில் மாற்றி, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வைத்தாள். மறுபடி இரண்டு கொடியும் பறிபோயின. இந்த முறை கொடி வைத்திருப்பவர்கள் வரைபடத்தில் இரண்டு பொட்டுகளாக மின்னினார்கள். அறையே கத்தத் தொடங்கியது. நீலக் கொடியை வைத்திருந்த சிவப்பு ஆளை நீல அணி சுட்டது, கொடி கீழே விழுந்தது, நீல அணியில் ஒருவன் தொட்டதும் அது வீடு திரும்பியது. அந்த நொடிக்காகவே சிவப்புக் கொடியோடு தவம் கிடந்த நீலக்காரன் தன் மேடைக்குத் தாவினான். புள்ளி!

இயக்குநர் எழுந்தே விட்டார். "பிரமாதம்! கொடியையே வெளியிடலாம். மேடு இதுக்குள்ளயே இருக்கே, தனியா எதுக்கு? யாரோட யோசனை இது?"

கொடிக்காரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டால் வேலை அவளுடையது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது?

"அக்காவோடது சார். என் விதியாலதான் ஆட்டம் முட்டிக்கிச்சு, அக்காதான் சரி பண்ணாங்க."

"அப்படியா?" இயக்குநர் யோசித்தார். "சரி, அப்போ கொடியை இனிமே அவங்களே பார்த்துக்கட்டும்."

அவள் மேட்டக்காவைத் திரும்பிப் பார்த்தாள். தன் வேலையைக் காப்பாற்ற ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள்.

மேட்டக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சரிங்க சார்," என்றாள்.