ஐந்து (ஆ)

நான்காம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு யாருக்கும் முகத்தில் உயிர் இல்லை. பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் நாற்பது கணித ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றியதே தவிர, காற்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்று மாலையோடு முகாம் முடிகிறது. அந்த ஒரு நினைப்பில்தான் எல்லாருடைய கையும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் காரணம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மாணவன் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தால் போதும், ஓரத்தில் சிவப்பு மையில் 'காரணம்?' என்று எழுதிவிடுவார். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறார். அவர் வாங்கிய சிவப்புப் பேனாக்களை அடுக்கினால் ஒரு வேலி போடலாம்.

விடைக்குறிப்பு தயாரித்த நான்கு பேரில் அவரும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் பாதி நேரம் ஐந்து (அ) என்ற கேள்விக்கே போயிற்று. x பூஜ்யத்தை நெருங்கும்போது சைன் x / x இன் எல்லை ஒன்று என்று நிறுவ வேண்டும். மாணவர்களில் பலர் லோபிதால் விதியைப் போட்டு ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், அதற்கு மார்க் உண்டா என்று கேட்டார்கள். இவர் மேஜையைத் தட்டினார்.

"அந்த விதிக்கு சைனோட வகைக்கெழு வேணும். அந்த வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கவே இந்த எல்லைதான் வேணும். திருடனுக்குத் திருடனையே சாட்சி வெச்சா எப்படி? கேள்வியிலேயே சாண்ட்விச் தேற்றம்னு போட்டிருக்கு. வட்டம் வரைஞ்சுதான் வரணும்."

அவர் சொன்னதே நின்றது. அந்த வெற்றியின் களைப்பில் இருக்கும்போதுதான் ஐந்து (ஆ) வந்தது. கேள்வி தயாரித்தவர் அதற்கு விடை அனுப்ப மறந்திருந்தார். தொடர்முறையின் n ஆவது உறுப்பு ஒரு கூட்டல்: k ஒன்றிலிருந்து n வரை போக, n/(n²+k) என்ற பின்னங்களையெல்லாம் கூட்ட வேண்டும். அதன் எல்லை என்ன? வெளியே டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"ஒவ்வொரு பின்னமும் பூஜ்யத்துக்கும் n/(n²+1)க்கும் நடுவுல மாட்டிக்கிட்டு பூஜ்யத்துக்குப் போகுது. அப்ப கூட்டலும் பூஜ்யம்தான்," என்று சொல்லி இவரே எழுதினார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள், எழுந்துபோய் டீ குடித்தார்கள். 'காரணம்?' என்று கேட்க அன்றைக்கு ஆள் இல்லை. கேட்க வேண்டியவர்தான் எழுதிக்கொண்டிருந்தாரே.

இப்போது அவர் கையில் இருந்த விடைத்தாளின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. ஆனால் ஐந்து (அ)வில் வட்டம் இருந்தது. ஆரம் ஒன்று, கோணம் x ரேடியன். உள்ளே ஒரு முக்கோணம், அதை மூடிய வட்டக்கோணப்பகுதி, அதையும் மூடிய பெரிய முக்கோணம். மூன்று பரப்பையும் ஒப்பிட்டு, சைன் x < x < டேன் x என்று வந்து, அங்கிருந்து சைன் x / x என்பது காஸ் xக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கிறது என்று எழுதியிருந்தது. காஸ் x ஒன்றுக்குப் போகிறது, மேலே ஏற்கெனவே ஒன்று நிற்கிறது, நடுவில் இருப்பது வேறெங்கே போகும்? 'x குறை எண்ணானாலும் மதிப்பு மாறாது, மேலும் கீழும் சேர்ந்தே குறி மாறும்' என்ற வரியைக்கூட விடவில்லை. நூற்றில் தொண்ணூறு பேர் விடும் வரி அது. இவருக்கு மனசு குளிர்ந்தது, ஐந்துக்கு ஐந்து போட்டார்.

அடுத்த பக்கம் ஐந்து (ஆ). அடியில் 'விடை 1' என்று கோடிட்டிருந்தது. கை பழக்கத்தில் பூஜ்ய மார்க் போட்டது. பக்கத்தைத் திருப்பப் போனவர் நின்றார். இவ்வளவு ஒழுங்காக யோசித்த பிள்ளை இங்கே மட்டும் ஏன் சறுக்குகிறது? மேலே ஏறி முதல் வரியிலிருந்து படித்தார்.

'இருக்கும் பின்னங்களிலேயே சின்னது n/(n²+n). பெரியது n/(n²+1). மொத்தம் n பின்னங்கள். அதனால் கூட்டல், n²/(n²+n)க்குக் குறையாது, n²/(n²+1)ஐத் தாண்டாது. இரண்டும் ஒன்றுக்குப் போகின்றன.'

மேஜைமேல் கிடந்த துண்டுத்தாளில் போட்டுப் பார்த்தார். n ஒன்று என்றால் அரை. இரண்டு என்றால் 0.73. மூன்று என்றால் 0.82. பூஜ்யத்துக்குப் போகிற எதுவும் இப்படி ஏறிக்கொண்டு போகுமா? ஒவ்வொரு பின்னமும் தேய்வது உண்மைதான். ஆனால் தேயத் தேய எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. அதைப் பார்க்காமல் விட்டது முதல் வருஷப் பையன் செய்யும் தப்பு. அதைச் செய்தது காரணம் சார்.

பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தன் மானம் போவது ஒரு பக்கம். அவரை உண்மையில் அழுத்தியது வேறு. அவருடைய அக்கா மகளும் இதே தேர்வுதான் எழுதியிருக்கிறாள். அவள் தாள் இந்த முகாமுக்கு வரவில்லை, ஆனால் எல்லா முகாமுக்கும் இதே விடைக்குறிப்புதான். தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் போனில் கேட்டாள், "மாமா, அஞ்சு ஆ பூஜ்யம்தானே? ஒவ்வொண்ணும் பூஜ்யத்துக்குப் போகுதுன்னு எழுதிட்டேன்." இவர் ஆறு வகுப்பு எடுத்துவிட்டுப் படுத்திருந்தார். "பூஜ்யம்தான்மா," என்றார். விடுதியோடு இருக்கும் அந்தக் கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. போன வருஷம் அரை மார்க்கில் இடம் போனவர்கள் உண்டு. இங்கே ஐந்து மார்க். இவர் வாயைத் திறந்தால் அவளுக்குப் பறிபோகிறது. திறக்காவிட்டால், சரியாக எழுதிய கோழிக்கிறுக்கல்களுக்குப் பறிபோகிறது.

பக்கத்து மேஜையில் இருந்தவர் கண்ணாடி டீச்சர், ஒரு கண்ணாடி மூக்கிலும் ஒன்று தலையிலுமாக இருப்பார். காரணம் சார் துண்டுத்தாளை அவர் பக்கம் தள்ளினார். டீச்சர் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கு ரெண்டாம் நாளே உறுத்துச்சு சார்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எழுதினது. நமக்குத்தான் புரியலன்னு நெனச்சேன். இல்ல, பொய் எதுக்கு? அலுப்பு சார். சொன்னா மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணுமே."

அவர்மேல் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. விடைத்தாளை எடுத்துக்கொண்டு முகாம் அதிகாரியின் அறைக்குப் போனார்.

அதிகாரி முத்திரை மெழுகை உருக்கிக்கொண்டிருந்தார். கேட்டு முடிப்பதற்குள் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஆறாயிரம் தாள் முடிஞ்சிருக்கு சார்! பாதிக்கு மேல கட்டி வெச்சாச்சு. இப்ப வந்து சொல்றீங்களே!" பிறகு குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்யலாம். பூஜ்யம் எழுதினவங்களுக்குப் போட்டது போட்டபடி இருக்கட்டும். ஒண்ணு எழுதினவங்களுக்கும் அஞ்சு போட்டுடலாம். கேள்வியே குழப்பம்னு எழுதிக்குடுங்க, மேலிடத்துல சரின்னுடுவாங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

யாருக்கும் நஷ்டம் இல்லை. இவர் கேட்காமலே வந்த வரம். அக்கா மகளுக்கு ஐந்து நிற்கும், கோழிக்கிறுக்கலுக்கும் ஐந்து கிடைக்கும், இவருடைய தப்பும் கேள்வியின் தலையில் போய் விழும். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பேனாவைத் திறக்கக்கூடத் திறந்தார். எந்தக் காரணத்தைச் சொல்லி எழுதுவது என்று யோசித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"கேள்வியில குழப்பம் இல்ல சார். நான்தான் தப்பா எழுதினேன். விடை ஒண்ணு. பூஜ்யத்துக்கு மார்க் கெடையாது. எல்லா முகாமுக்கும் சொல்லுங்க."

அதிகாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு போனை எடுத்தார். அரைமணி நேரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கூடத்தில் அறிவித்தபோது எல்லாரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம். பின் வரிசையில் யாரோ வீட்டுக்குப் போகும் பஸ் நேரத்தைச் சொல்லி முனகினார்கள். கட்டுகளை மறுபடி பிரிக்கத் தொடங்கினார்கள்.

போனையெல்லாம் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். காரணம் சார் வாசலுக்குப் போய்த் தன்னுடையதை வாங்கினார். முகாம் நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. உத்தரவைப் பற்றிப் பேச வேண்டாம், தான் சொன்ன தப்பை மட்டும் திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். அக்கா மகளே எடுத்தாள்.

"அந்த அஞ்சு ஆ இருக்கே," என்று இழுத்தார். "அன்னைக்கு நான் உனக்குத் தப்பா சொல்லிட்டேன்மா. அது பூஜ்யம் இல்ல."

"தெரியும் மாமா. ஒண்ணு."

"எப்பம்மா தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். போனை வெச்சதும் மனசு கேக்கல. nக்குப் பத்து போட்டு கால்குலேட்டர்ல கூட்டிப் பார்த்தேன், 0.94 சொச்சம் வந்துது. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். அந்த அஞ்சு மார்க்கைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போட்டு வெச்சிருக்கோம்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"திரும்ப உங்களைக் கூப்பிட்டேனே மாமா. 'மாமா, அது ஏறுது'ன்னு ஆரம்பிச்சேன். 'ரொம்ப அலுப்பா இருக்கும்மா, நாளைக்குப் பேசலாம்'னீங்க." அவள் குரலில் குறையே இல்லை, அதுதான் குத்தியது. "அப்புறம் நீங்க கேக்கவே இல்ல."

அது விடைக்குறிப்புக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முந்தி. அன்றைக்கு இரண்டு நிமிஷம் காது கொடுத்திருந்தால், உள்ளே நாற்பது பேர் இப்போது கட்டுப் பிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் காரணம் கேட்டவர், காரணத்தோடு வந்த வீட்டுப் பிள்ளையைப் படுத்துக்கொண்டே அனுப்பியிருக்கிறார்.

கண்ணாடி டீச்சர் படியில் நின்று கையை அசைத்தார். இவருடைய கட்டுகள்தான் பாக்கி.

"மாமா, உள்ள கூப்பிடுறாங்களா? அப்புறம் பேசலாம்."

"வேணாம், வெக்காத." வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் அவ்வளவு வலித்தது. "ஏறுதுன்னு சொன்னியே. எதுவரைக்கும் ஏறும்னு எப்படிக் கண்டுபிடிச்ச? சொல்லு, கேக்கறேன்."

அவள், "அதுல சின்ன பின்னத்தை முதல்ல எடுத்துக்கணும் மாமா," என்று ஆரம்பித்தாள்.