ரன்வேக்கை யாருக்கும் பிடிக்காது

எழுதிக்கொண்டிருந்த நாவலில் அந்த நாயைச் சேர்த்த அன்றே ஓட்னிக்குத் தன் மேல் வெறுப்பு வந்துவிட்டது. மூன்று கால் நாய். கப்பல் துறையில் நொண்டிக்கொண்டு வரும், ரன்வேக் யாரும் பார்க்காத நேரத்தில் அதற்கு மீன் தலை போடுவாள். அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டு ஓட்னி நேராக அடுப்படிக்குப் போய், கழுவிவைத்த பாத்திரங்களை எல்லாம் மறுபடியும் கழுவினாள்.

எல்லாம் தோர்லாக் சொன்னதால் வந்தது. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் அவளுடைய முந்தைய நாவல்களை எல்லாம் திருத்தி வெளியிட்ட பதிப்பாசிரியர் அவர். அவற்றில் வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். கஷ்டப்பட்டார்கள், பொறுத்துக்கொண்டார்கள், கடைசியில் ஜன்னலோரம் நின்று கடலைப் பார்த்தார்கள். இந்த முறை ஓட்னி ரன்வேக்கை எழுதினாள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் மேற்கு ஃபியோர்டு ஒன்றில் மீன் தொழிற்சாலை நடத்துகிற அறுபது வயதுக்காரி. தங்கை கணவன் கடலில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் நடக்கும் காபி விருந்திலேயே தங்கையின் படகையும் மீன்பிடி உரிமையையும் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறாள்.

"இவகூட நான் முந்நூறு பக்கம் குடித்தனம் பண்ணணுமா?" என்று தோர்லாக் தொலைபேசியில் கேட்டார். "பாதியிலேயே புத்தகத்தை மூடி வச்சிருவாங்க ஓட்னி. கிறிஸ்துமஸுக்குப் பரிசா வாங்குறவன் மாமியாருக்கு இதையா கொடுப்பான்?"

"மாமியார் மேல கோபம் இருந்தா கொடுப்பான்."

"விளையாடாத. இவமேல கொஞ்சமாவது இரக்கம் வரணும். சின்ன வயசுல ஏதாவது நடந்திருக்கட்டும். ஒரு நாயாவது வை."

அவள் நாயையும் வைத்தாள். அப்பா சின்ன ரன்வேக்கை உப்புக் கொட்டகையில் பூட்டிவைக்கிற அத்தியாயம் ஒன்றையும் எழுதினாள். வாசகர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்ற பயம் அவர் சொன்னதில் இருந்தது; அதே பயம் அவளுக்குள்ளும் இருந்தது. அதனால்தான் பணிந்தாள். பணிந்த கோபம் மட்டும் போகவில்லை.

செப்டம்பரில் ஈசாஃபியோர்தர் ஊர் நூலகத்தில் நாவலிலிருந்து வாசிக்கக் கூப்பிட்டார்கள். அச்சுக்குப் போக இன்னும் அவகாசம் இருந்தது. தோர்லாக்கும் கூட வந்தார். மதிய நேரம், மழை. கம்பளிச் சட்டைக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு மேஜையில் காபியும் கேக்கும் காத்திருந்தன.

ஓட்னி விருந்துக் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள். ரன்வேக் கேக் வெட்டுகிறாள். ஒரே அளவுத் துண்டுகள், கத்தியில் கிரீம் ஒட்டவில்லை. வெட்டிக்கொண்டே யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை, வங்கிக்காரன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்க்கிறாள். ரெய்க்யாவிக் கம்பெனி ஒன்று அந்தப் படகின் உரிமையை வாங்கக் காத்திருக்கிறது. அது போனால் தொழிற்சாலைக்கு மீன் இல்லை. வாசல் மேலே இருக்கிற தன் பெயரை யாரோ இறக்கிவிடுவார்கள். முதல் கோப்பை ஆறுவதற்குள் முடிக்க வேண்டும். அழுகிற தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவி, பேனாவை நீட்டுகிறாள்.

கூடத்தில் ஒருவரும் இருமவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் 'க்ளுக்'கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவர் முழங்கையை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். "அடிப்பாவி" என்று யாரோ சன்னமாகச் சொன்னது ஓட்னி காதில் விழுந்தது. அந்தச் சொல் அவளுக்குத் தேனாக இருந்தது.

அடுத்து உப்புக் கொட்டகை. இருட்டு, குளிர், கதவைத் தட்டுகிற சின்ன விரல்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் நாற்காலிகள் கிறீச்சிட ஆரம்பித்தன. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பெண் கைப்பையில் எதையோ தேடினாள். நாய் நொண்டிக்கொண்டு வந்தபோது இரண்டு பேர் சத்தமில்லாமல் எழுந்து காபி மேஜைக்குப் போனார்கள். ஓட்னி வாசித்துக்கொண்டே அவர்கள் முதுகைப் பார்த்தாள்.

வாசிப்பு முடிந்ததும் முன்வரிசைப் பெண் கேட்டாள்: "அந்தப் படகு என்னாச்சு? தங்கச்சி சும்மா விட்டாளா?" வேறொருவர், "அவ கையில கிடைச்சா துறைமுகத்துல தள்ளிவிடுவேன்" என்றார். கூடமே சிரித்தது. "ஆனா ஜெயிச்சாளா, அதச் சொல்லுங்க."

நாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

விடுதிக்கு நடக்கும்போது ஓட்னி மழையைக்கூடத் துடைக்கவில்லை. "பாத்தியா? கொடுமை பண்ணும்போது உக்காந்திருந்தாங்க. இரக்கப்படச் சொன்னதும் கேக் தின்னப் போயிட்டாங்க. நாயும் கொட்டகையும் போகுது. நீ என்ன சொன்னாலும் சரி."

தோர்லாக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "போகட்டும். நான் சொன்ன மருந்து தப்பு."

அவர் இவ்வளவு சீக்கிரம் இறங்கிவந்தது அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஆனா நோய் நெஜம்," என்றார் அவர். "தெருச்சண்டைய அரைமணி நேரம் எவனும் நின்னு பாப்பான். அந்தச் சண்டைக்காரங்க வீட்டுல மாசக்கணக்கா குடியிருப்பானா? உன் நாலாவது அத்தியாயத்துக்கு மேல பாரு. வேலைக்காரனத் திட்டுறா. பாதிரியாரத் திட்டுறா. பக்கத்து வீட்டுக்காரியத் திட்டுறா. எதுக்கு? அவளுக்கு ஒண்ணும் வேணாம், சும்மா திட்டுறா. அங்கதான் நான் புத்தகத்தைக் கீழ வச்சேன். கெட்டவள்னு வைக்கல. சலிச்சுப்போச்சுன்னு வச்சேன்."

"அப்பவே அதச் சொல்லியிருக்கலாமே?"

"அப்ப எனக்கே தெரியல. நல்லவளா இல்லங்கறதுதான் குறைன்னு நெனச்சேன்."

விடுதியில் ஓட்னி மீன் சூப்பை வேகவேகமாகக் குடித்து முடித்தாள். அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவளை எரித்தது.

வீட்டுக்கு வந்ததும் வெட்ட ஆரம்பித்தாள். நாயும் கொட்டகையும் முதலில் போயின. அப்புறம் கதைசொல்லியின் வாயிலிருந்த 'ஈவிரக்கமற்ற', 'கல் நெஞ்சுக்காரி' என்ற சொற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவற்றை ஏன் எழுதினாள் என்பது பிடுங்கும்போதுதான் புரிந்தது: 'இவளை எனக்கும் பிடிக்காது, என்னைத் தப்பா நினைக்காதீங்க' என்று வாசகரிடம் கெஞ்சியிருக்கிறாள். தீர்ப்பை எழுதுகிறவளே சொல்லிவிட்டால் வாசகனுக்கு அங்கே என்ன வேலை?

சும்மா திட்டுகிற காட்சிகள் போயின. மிஞ்சிய ஒவ்வொன்றிலும் ரன்வேக்குக்கு ஏதோ ஒன்று உடனே, அவசரமாக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெற்றிக்கும் அவள் விலை கொடுத்தாள்: முதலில் தங்கை, பிறகு மகன், பிறகு பழைய கணக்குப்பிள்ளை. ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அசையமாட்டாள். எடைத் தராசில் யாரையும் ஏமாற்றமாட்டாள். ஏமாற்றிய தன் ஆளையே பனியில் வெளியே தள்ளுவாள். அதற்குக் காரணம் எதுவும் ஓட்னி எழுதவில்லை. காட் மீனின் செவுளைத் தொட்டுப் பார்த்தே எந்தக் கரையில் பிடித்தது என்று சொல்வாள், ஒருநாளும் தப்பாது. தன் வேலையில் கெட்டிக்காரியை மனிதர்கள் தங்களை அறியாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று ஓட்னிக்குத் தெரியும். அவளே மீன் வெட்டும் பெண்களை அப்படி நின்று பார்த்திருக்கிறாள்.

தங்கை ஆஸ்தாதான் அதிகம் மாறினாள். முதல் பிரதியில் ஆஸ்தா அழுதுகொண்டே இருந்தாள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், வக்கீல் வைத்தாள், அக்காவைவிட நல்லவள், அக்காவுக்குச் சளைக்காத மூளைக்காரி. ரன்வேக் முதன்முறையாகத் தோற்றாள். தோற்றதும் வாசகனுக்கு அவள் மேல் ஒரு பிடிப்பு விழும், ஓட்னிக்கே விழுந்தது.

கடைசியாக, வழக்குக்கு முன்னால் வருகிற ஒரு காட்சியை எழுதினாள். படகைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ரன்வேக் தங்கை வீட்டு வாசலுக்கு வருகிறாள். தட்டக் கை ஓங்குகிறாள். 'தட்டு, தட்டு' என்று எழுதும்போதே ஓட்னி முணுமுணுத்தாள். ரன்வேக் அண்ணாந்து பார்க்கிறாள். கூரைத் தகரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. கையை இறக்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள். மறுநாள் ஆட்களை அனுப்பிக் கூரையைச் சரிசெய்கிறாள். செலவைப் படகு வருமானத்தில் ஆஸ்தாவுக்குத் தரவேண்டிய பங்கில் கழித்துக்கொள்கிறாள்.

தோர்லாக் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "அந்த வாசல்ல நான் கத்திட்டேன். என் பொண்டாட்டி ஓடி வந்துட்டா. தட்டியிருக்கலாமே, பாவி!"

"தட்டியிருந்தா நீ அத்தோட புத்தகத்தை மூடியிருப்ப."

அவர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "பதிப்பக முதலாளி பின் அட்டைக்கு ஒரு வரி எழுதியிருக்காரு. 'கரடுமுரடான தோலுக்குள்ளே காயம்பட்ட இதயம்'னு."

"யோவ் தோர்லாக்..."

"அந்த வரிய அடிச்சுட்டேன். அவர் முன்னாடியே அடிச்சேன். என்னய்யா, வாசகனுக்குப் பிடிக்கலன்னா யார் பொறுப்புன்னு கேட்டாரு. பிடிக்கவே பிடிக்காது, பிடிக்கணும்னு யார் சொன்னான்னேன். அடுத்த வருஷம் எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல."

புத்தகம் நவம்பரில் வந்தது. வானொலியில் ஒரு விமர்சகர், இப்படியொரு பெண்ணுக்கு நம் இலக்கியத்தில் என்ன இடம் என்று கேட்டார். 'நடு இடம்' என்று ஓட்னி ரேடியோவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அணைத்தாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஒரு காலைப் பொழுதில், ஊர் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்திருந்தாள். தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. எதிரில் இரண்டு பெண்கள், ஈரத் தலை, சிவந்த முகம்.

"முடிவ மட்டும் சொல்லிராதடீ. எனக்கு இன்னும் கடைசி அத்தியாயம் இருக்கு."

"அப்படி வெறுக்குறியே, எதுக்குப் படிக்கிற? மூடி வையேன்."

"வைக்க முடியலயே! நேத்து உருளைக்கிழங்கு கருகிப்போச்சு. அந்தச் சனியன் கூரைக்குப் பணம் புடிச்சா பாரு, புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சேன். எறிஞ்சுட்டு, போய் எடுத்துட்டு வந்தேன்."

"ஆஸ்தா ஜெயிக்கணும்னுதானே எல்லாரும் நெனப்பாங்க?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கோர்ட்டுல அந்தக் கெழவி தனியா நின்னா பாரு... அய்யோ, தோத்துருவாளோன்னு பதறிப்போச்சு. எனக்கே என்மேல கோபம்டீ."

ஓட்னி உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இன்னும் இறங்கினாள். இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

"நீங்க படிச்சீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"படிச்சேன்."

"எப்படிப் பொம்பள அவ, சொல்லுங்க!"

ஓட்னி முகத்தில் விழுந்த பனியைத் துடைத்தாள். "கூரைக்குப் பணம் புடிச்சது சரிதான்," என்றாள். "தகரம் என்ன சும்மாவா வருது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் மேல் பாய்ந்தார்கள். தங்கை கணவன் செத்த வீடு, காபி விருந்து, எழுதி வாங்கியது என்று ஒவ்வொன்றாக எடுத்து வீசினார்கள். ஓட்னி ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை. தொட்டியிலிருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா ஆஸ்தா பக்கம் சேர்ந்தார். சற்றுப் பொறுத்து, இன்னொருவர் தயங்கித் தயங்கி, தராசு விஷயத்தில் அந்தப் பொம்பளையை ஒன்றும் சொல்ல முடியாது என்றார். சண்டை அங்கிருந்து மறுபடி பிடித்துக்கொண்டது.