பெருவிரலைத் தூக்குங்க

காட்டுப்பாக்கத்து மழலையர் பள்ளியில் வேலை கேட்டுப் போவதற்கு முன்பே இரண்டு பள்ளிகளில் என்னை நாசூக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து இந்த அடுக்குமாடிக்கு வந்த பிறகு, பகல் முழுக்க என்னோடு பேசியது குக்கர் விசில் மட்டும்தான். ஊரில் நான் எல்.கே.ஜி. டீச்சர். வாயை மூடத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று என் வீட்டுக்காரர் தேவராஜிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாளாளர் மங்களம் மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சனிக்கிழமை வந்து பசங்களுக்கு ஒரு கதை சொல்லுங்க மோகனப்பிரியா. அவங்களும் கையால ஏதாவது செய்யணும். பேரன்ட்ஸும் இருப்பாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

கைநிழல் கதை என்று முடிவு செய்தேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பறவையும் ஒரு நாய்க்குட்டியும் நண்பர்களாகும் கதை. பறவையை நான் காட்டுவேன். நாய்க்குட்டியைப் பிள்ளைகளே செய்வார்கள். அதற்கு ஒரு கை போதும்.

சனிக்கிழமை ஜன்னல்களில் போர்வை கட்டினோம். சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டைகளைக் கழற்றினோம். பள்ளி ஆயா வேம்புலியம்மாள் கரண்ட் போனால் ஏற்றும் எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வரிசையாகக் குட்டிக் குட்டி பல்புகள். கையை நீட்டினால் ஒரு கைக்கு நாலைந்து நிழல், ஒன்றின் மேல் ஒன்றாக. பறவை வரவில்லை, பூரான் வந்தது. அதை ஓரம் கட்டிவிட்டு என் போன் டார்ச்சைப் போட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் மேசையில் நிறுத்தினேன். ஒற்றை வெளிச்சம் என்றதும் நிழல் கத்தரித்த மாதிரி விழுந்தது.

கதை நன்றாகவே தொடங்கியது. உள்ளங்கை இரண்டும் என்னைப் பார்க்க, மணிக்கட்டுப் பக்கம் குறுக்கே வைத்து, பெருவிரல்களைக் கோத்து, மற்ற விரல்களை அசைத்தேன். சுவரில் பறவை சிறகடித்தது. முன்வரிசை வர்ஷா வாயைப் பிளந்து பார்த்தாள். வாசலோரம் பெற்றோர்கள், அவர்களில் பாபு என்ற அப்பா போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மங்களம் மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஆஹா, வேலை நமக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். என் புத்தியே அப்படித்தான், பாதி வழியிலேயே பந்தி போட்டுவிடும்.

"இப்ப நாய்க்குட்டி வரப்போகுது. எல்லாரும் வலது கையைத் தலைக்கு மேல குறுக்கே பிடிங்க. உள்ளங்கை உங்க பக்கம் பார்க்கட்டும்."

செய்து காட்டலாம் என்று கையைத் தூக்கினேன். அப்போதா அந்த மனுஷன் போன் பண்ண வேண்டும்! மேசையிலிருந்த போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்தது. கூடவே சுவரில் வெளிச்சமும் ஆடியது. திரையில் தேவராஜ். ஓடிப்போய் அழைப்பை வெட்டி, டார்ச்சைத் திருப்பி நிறுத்திக்கொண்டே, சுவரைப் பார்க்காமல் வாயால் மட்டும் சொன்னேன்.

"பெருவிரலை மேல தூக்குங்க. அதான் காது."

கடைசி வரிசையிலிருந்து விஜய் கேட்டான். "பெர்ய வெரலா மிஸ்? இருக்கறதுலயே பெர்சா கீதே, அதுவா?"

"ஆமாண்டா, அதேதான். அதை மட்டும் தூக்கு."

திரும்பினேன். சுவர் முழுக்க நடுவிரல்.

மற்ற விரல்களை ஒழுங்காக மடக்கி, அந்த ஒன்றை மட்டும் அத்தனை பிள்ளைகளும் நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கைக்குத்தான் பெரிய நிழல். கடைசி வரிசை விஜயின் விரல் கூரைவரை போய் நின்றது.

"ஐயே! இன்னா மிஸ் இது? அசிங்கமா கீது!" வேம்புலியம்மாள் தலையில் கை வைத்தார். பெற்றோர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாபு போனை இறக்கவேயில்லை. மங்களம் மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு. எங்கள் ஊரில் பெருவிரல் என்றால் கட்டைவிரல். அதை இங்கே யாருக்கு, எப்படி விளக்குவது? பிள்ளைகளோ பாவம், என்ன செய்தோம் என்றே தெரியாமல் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். "கையை இறக்குங்க" என்று ஒரு அதட்டல் போட்டால், தப்பு செய்துவிட்டோம் என்று அந்த முகங்கள் சுருங்கிவிடும். அதை நினைத்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும்.

"யாரும் கையை இறக்காதீங்க!" என்று கத்தினேன். "நாய்க்குட்டியைத்தானே கூப்பிட்டோம்? இது யாரோட காது? நீளமா இருக்கே?"

"முயல்!" என்றாள் வர்ஷா.

"முயலுக்கு ஒத்தைக் காதா?"

"இல்ல மிஸ், ரெண்டு!"

"அப்ப பக்கத்து ஆள்காட்டி விரலையும் தூக்குங்க. ரெண்டையும் கொஞ்சம் விரிச்சு வைங்க." இந்தத் தடவை என் கையை வெளிச்சத்தில் நீட்டி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் காட்டினேன். "மத்த ரெண்டு விரலும் மடங்கியே இருக்கட்டும். இந்தக் குண்டு விரலால அதை அமுக்கிப் பிடிங்க. அதான் மூஞ்சி."

சுவர் முழுக்க முயல்கள். விஜயின் முயல் கூரையைத் தொட்டு நின்றது.

இனி கதை வேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னேன். ஏரிக்கரைக்கு ஒரு முரட்டு நாய் வந்தது. நாயை நானே செய்தேன்: உள்ளங்கை குறுக்கே, குண்டு விரல் மேலே, சுண்டுவிரலை இறக்கி ஏற்றினால் குரைக்கும் வாய். முயல்கள் பயந்து காதை மடக்கின. "பயந்தா சின்னதாயிடுவோம். எழுந்து சுவர்கிட்ட போங்க." கைகள் சுவரை நெருங்க, முயல்கள் குறுகி எலிக்குஞ்சு அளவாயின. "தைரியம் வந்துச்சு! பின்னால வாங்க, லைட்டுகிட்ட வாங்க!" முயல்கள் ஊதிப் பெருத்து, கூரைவரை எழுந்து, என் நாயைச் சுவரிலிருந்தே துரத்திவிட்டன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் போர்வை அவிழ்ந்து விழுந்து வெயில் உள்ளே வந்தது.

பெற்றோர்கள் கை தட்டினார்கள். மங்களம் மேடம் தட்டவில்லை. அறைக்கு வரச் சொன்னார்.

"அந்த முயல் முன்னாடியே யோசிச்சு வச்சதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம்தான். மனசு வரவில்லை. "இல்ல மேடம். எங்க ஊர்ல கட்டைவிரலைப் பெருவிரல்னுதான் சொல்லுவோம். பசங்க பெரிய விரலைத் தூக்கிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"உங்களை நிறுத்தச் சொல்லத்தான் எழுந்தேன். ஒரு குழந்தையையாவது அதட்டியிருந்தீங்கன்னா அப்பவே அனுப்பியிருப்பேன். திங்கட்கிழமையிலேர்ந்து வாங்க. பாபு சார்கிட்ட அந்த இடத்தை மட்டும் அழிக்கச் சொல்லிடறேன்."

நன்றி என்றுகூட ஒழுங்காகச் சொல்லாமல் வெளியே வந்தேன். பூந்தமல்லி சாலையில் நின்று தேவராஜைக் கூப்பிட்டு, நேரங்கெட்ட நேரத்தில் போன் பண்ணியதற்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் வேலை கிடைத்ததையும் சொன்னேன்.

"பெருவிரலுன்னா பெருவிரலுதானே? அதுல என்ன கொழப்பம்?" என்றார் அந்த நாகர்கோவில்காரர், நிஜமான சந்தேகத்தோடு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இரண்டு பள்ளிகள், அத்தனை பகல்கள், எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்து, அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது. ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, "இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணா, வேலை கிடைத்துவிட்டது என்றேன்.