ஐரிஸ் பூசிப் பெண் பார்த்த கதை

என் தம்பி ஆகிப்புக்குத் தன் மூக்கின்மேல் அபார நம்பிக்கை. செங்கல்பட்டு பஜாரில் எங்கள் அத்தர் கடைக் கலவையெல்லாம் அவன் கைதான். பெண் பார்க்கக் கிளம்பும்போது, தானே கலந்த ஐரிஸ் அத்தரில் மணிக்கட்டில் ஒரு துளி வைத்தான். ஐரிஸில் மணம் தருவது பூ அல்ல, கிழங்கு. தோண்டி வருஷக்கணக்கில் காயப்போட்டால்தான் அந்தப் பவுடர் வாசம் வரும்.

கார் திருக்கழுக்குன்றம் தாண்டவில்லை, வாசமே போய்விட்டதென்று இன்னொரு துளி வைத்தான். பூஞ்சேரியில் ஒன்று. மாமல்லபுரம் நுழையும்போது காலரில் ஒன்று. முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏற்கெனவே மூன்று வரன் தட்டிப்போயிருந்தது. இப்போது பார்க்கப் போகும் பெண் ஜன்னா, ஒரு ரிசார்ட் ஸ்பாவுக்கு வாசனைத் தைலம் தேர்ந்தெடுப்பவள். போட்டோ பார்த்த நாளிலிருந்து தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

ஏசி போட்டு ஜன்னல் சாத்திய ஹாலில் உட்கார்ந்தோம். பெண்ணின் அம்மா பதருன்னிசா மாமி ஆழ மூச்சிழுத்தார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட காலம் ஞாபகம் வருகிறதென்று கண் கலங்கினார். தம்பிக்கு வாயெல்லாம் பல்.

ஜன்னா வந்தாள், சலாம் சொன்னாள், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன விஷயம் என்று கேட்டேவிட்டேன்.

"ஹாஸ்டல்ல வார்டன் ரூமு இதே பவுடர் வாசம்தான். எப்பவும் சாத்திக்கினே கீது, உள்ள போனா திட்டுதான். மூச்சு முட்டுது."

ஒரே வாசம். அம்மாவுக்குக் குழந்தை வந்தது, மகளுக்கு வார்டன் வந்தார்.

"ஒரு சொட்டுதான் வெச்சேன். வாசமே நிக்கல, அதான்..." என்று தம்பி இழுத்தான்.

"அதான்?"

"இன்னும் மூணு."

ஜன்னா சிரித்துவிட்டாள். ஐரிஸ் வாசத்துக்கு மூக்கு சீக்கிரம் மரத்துவிடும், மற்றவர்களுக்கு அது அப்படியே இருக்கும் என்றாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாளே என்று நினைத்தேன். ஆனால் கடையில் தினமும் இதையே சொல்லும் தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தும் அத்தர் எண்ணெய் போகவில்லை. வாசலில் கடல்காற்றில் போய் நின்றுகொண்டான். நாலாவது வரனும் போச்சு என்று டீயைப் பாதியில் கீழே வைத்தேன். பாவம், ஆசையாக வந்தவன்.

கிளம்பும்போது ஜன்னா வாசல்வரை வந்தாள். அவனைக் கடந்தவள் நின்று, மெல்ல மோந்து பார்த்தாள்.

"இப்ப வார்டன் இல்ல. நல்லாதான் கீது."

அத்தரைக் கேட்டுக் கையை நீட்டினாள். தம்பி எதற்கென்று புரியாமல் பையிலிருந்த குப்பியை எடுத்துக் கொடுத்தான்.

"இது என்கிட்டயே இருக்கட்டும். நிக்காஹ் அன்னிக்கு ஒரே சொட்டு. நானே வெக்கிறேன்."