கைவிசேடத்துக்கு ஒரு கையெழுத்து

கடிதத்தின் முதல் வரைவை நான்தான் எழுதினேன். தமிழில், ஒரு பக்கம். இந்தச் சித்திரைக்குப் போனஸ் இல்லை, சம்பள உயர்வும் இல்லை; காரணம் வங்கிக் கடன்; போனஸ் ஓகஸ்ட் மாதச் சம்பளத்தோடு தரப்படும்; இயக்குநர்களும் தங்கள் சம்பளத்தில் கால்வாசியைக் குறைத்துக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் மனிதவள முகாமைத்துவம் படித்தபோது அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். கெட்ட செய்தியை நேரத்தோடு சொல், திகதியோடு சொல், மேலே இருப்பவனும் இழக்கிறான் என்று காட்டு.

முதலாளி சிவானந்தன் சிவப்புப் பேனையால் ஓகஸ்ட்டை வெட்டினார். பிறகு இயக்குநர்களை வெட்டினார்.

"திகதி போட்டா அது கடன், பிள்ளை. எங்கட சம்பளக் கதை இவைக்கு ஏன்? இதை இங்கிலீஷில அடியும். கடைசியில 'இதற்குச் சம்மதிக்கிறேன்' எண்டும் போடும்."

"சேர், அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"அதுக்குத்தானே உம்மை எடுத்தனான்."

எங்கள் கம்பனி பருப்பும் கடலையும் மிளகாயும் இறக்குமதி செய்கிறது. முதலாளியின் வீடு வெள்ளவத்தையில், கடல் தெரியும் மாடியில். களஞ்சியம் கொச்சிக்கடையில், துறைமுகத்து லொறிகள் திரும்பும் வளைவில். அங்கே இருபத்தாறு பேர் வேலை. முக்கால்வாசிப் பேர் மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை அறைகளில் இருப்பவர்கள். என் அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. அந்த முதுகில் ஏறித்தான் நான் பட்டம் வாங்கினேன். எனக்குத் தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தரக் கடிதம் வரவேண்டிய மாதமும் அதுதான்.

பதினொரு வருடமாக ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் முந்தின வாரம் போனஸ் வந்திருக்கிறது. பதினொரு வருடம் கொடுத்ததை "எங்கள் விருப்பம்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பது கஷ்டம். தொழில் திணைக்களத்துக்குப் போனால் கேட்பார்கள். ஆனால் தொழிலாளியே சம்மதித்துக் கையெழுத்து வைத்திருந்தால் கதை வேறு. இது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருபத்தாறு பேருக்குத் தெரியாது.

அந்த வருடம் போனஸ் வரவில்லை. "லீவு முடிஞ்சு வாங்க, பாப்பம்" என்று மேற்பார்வையாளர் லோகேஸ்வரன் சொல்லி அனுப்பினார். சொல்லச் சொன்னவர் யாரென்று நான் எழுதத் தேவையில்லை.

வருடப் பிறப்புக்குப் பிறகு களஞ்சியம் திறக்கும் நாளில் முதலாளி எல்லோருக்கும் கைவிசேடம் கொடுப்பார். பஞ்சாங்கம் பார்த்த நல்ல நேரத்தில், வெற்றிலையில் வைத்த உறை ஒன்று. அவர் கையால் வாங்கினால் அந்த வருடம் பணம் தங்கும். வேண்டாம் என்பவன் வருடத்தையே வேண்டாம் என்கிறான். கொடுத்தவர் முன்னால் உறையைத் திறப்பது மரியாதை இல்லை. இவ்வளவையும் முதலாளி கணக்குப் போட்டிருந்தார்.

"போனஸ் குடுக்கிற அதே வெள்ளை உறையில வையும்" என்றார். வைத்தேன். ஒவ்வொன்றிலும் நூறு ரூபாய்.

நல்ல நேரம் ஒன்பது இருபத்திரண்டு. மேசையில் குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டம், அதன் பக்கத்தில் ஆங்கிலத் தாள், கீழே இருபத்தேழு கோடுகள். தட்டத்துக்கு அடியில் இன்னொரு தாளின் நுனி தெரிந்தது. என் பெயர். நிரந்தரக் கடிதம், இன்னும் கையெழுத்திடப்படாதது.

லோகேஸ்வரன் முதலில் கையெழுத்து வைத்து உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பின்னால் வந்தவர்களின் கண்கள் வெள்ளை உறையிலேயே இருந்தன. சிரிக்கவும் செய்தார்கள். ஆறு பேர் வைத்துவிட்டார்கள்.

ஏழாவது மயிலம்மா. பொதி கட்டும் பிரிவு. அறைக்கு வாடகை அட்வான்ஸ் கூட்டிக் கேட்டிருக்கிறான் வீட்டுக்காரன், மாதக் கடைசிக்குள் இல்லாவிட்டால் சாமானைத் தெருவில் வைப்பானாம். போனஸ் வந்ததும் தருவதாகச் சொல்லியிருந்தாள். என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் ஏதாவது ஒரு கறியைப் போடுகிறவள் அவள்தான்.

"புள்ள, இதுல என்னா எழுதியிருக்கு?"

நான் குனிந்து பேனையைக் கொடுப்பதுபோலச் சொன்னேன். "கையெழுத்து வைக்காதீங்க. கொஞ்சம் நில்லுங்க."

அவள் பயந்துவிட்டாள். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் பத்தொன்பது பேர் நிற்கிறார்கள். பயந்தவள் செய்வதைச் செய்தாள். நேரே முதலாளியைக் கேட்டாள்.

"ஐயா, இதுல என்னாங்க இருக்கு?"

முதலாளி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"அனுஷியா பிள்ளை, எல்லாருக்கும் கேக்கத் தமிழில வாசிச்சுக் காட்டும்."

நான் தாளை எடுத்தேன். எனக்குத் தொண்டை இருந்தது, தமிழ் இருந்தது, இருபத்தாறு பேர் வாய் மூடி நின்றார்கள். வாழ்க்கையில் ஒரு தரம் கிடைக்கும் நிசப்தம்.

"இந்த வருஷப் போனஸ் கொஞ்சம் பிந்தும். சம்பளக் கூட்டலும் பிந்தும். நிலைமை சரியானதும் தருவாங்க."

"நிலைமை எப்ப சரியாகுமாம்?" லொறியில் மூட்டை ஏற்றும் இராமர் கேட்டான். "அதையும் பஞ்சாங்கத்துல பாத்துச் சொல்லுங்களேன்."

சிலர் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார்.

"சரி, பிந்துது. அதுக்குக் கையெழுத்து எதுக்கு?" இராமர் விடவில்லை.

"உங்களுக்குச் சொன்னதுக்கு அடையாளமா. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

மயிலம்மா திரும்பினாள். "அப்ப ஏன் புள்ள வைக்காதீங்கன்னு சொன்ன?"

விளக்கு எரிந்தது. தட்டத்துக்கு அடியில் என் பெயர் இருந்தது.

"நான் அப்படிச் சொல்லல்ல" என்றேன். "பொய் சொல்லாதீங்க மயிலம்மா."

அந்த இரண்டாவது வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவே சேர்த்தேன்.

"நல்ல நாளில படிச்ச பிள்ளையைப் பற்றி இப்பிடிக் கதைக்கிறதே?" முதலாளி மெதுவாகச் சொன்னார். "மன்னிப்புக் கேளுங்கோ."

"மன்னிச்சுக்கங்க ஐயா" என்றாள்.

"என்னட்ட இல்லை. பிள்ளையிட்ட."

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். ஐம்பது வயதுக்காரி. பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். மற்றவர்கள் கடகடவென்று வைத்தார்கள். இராமர்கூட.

இருபத்தேழாவது கோடு எனக்கு. நிரந்தரமாக்கும்போது கூட்டுவதாகச் சொன்ன சம்பளமும் அதே தாளில் நின்றுபோனது. கையெழுத்து வைத்தேன். அதன் பிறகுதான் முதலாளி என் கடிதத்தில் வைத்தார். வெள்ளை உறை ஒன்றையும் தந்தார். அதை ஒட்டியவள் நான்தான். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும்.

மதியம் களஞ்சியத்துப் பின்பக்கம் யாரோ உறையைக் கிழித்துத் தூஷணம் சொல்லும் சத்தம் கேட்டது. என் சாப்பாட்டுப் பெட்டியில் அன்று நான் கொண்டு வந்தது மட்டும் இருந்தது.

மூன்று மணிக்கு மயிலம்மா அலுவலக வாசலில் நின்றாள். செருப்பை வெளியே கழற்றியிருந்தாள். இத்தனை மாதமும் கழற்றியதில்லை.

"மிஸ், வீட்டுக்காரன்கிட்ட வாயால சொன்னா நம்ப மாட்டான். போனஸ் பிந்துது, பொறகு வரும்னு கம்பனி கடதாசியில ரெண்டு வரி எழுதித் தருவீங்களா? ஒரு மாசம் பொறுப்பான்."

நான் உள்ளே போய்க் கேட்டேன். முதலாளி கணினியிலிருந்து கண் எடுக்கவில்லை.

"வரும் எண்டு எழுத்தில ஒண்டும் குடாதேயும். விசரே உமக்கு?"

வெளியே வந்து, கம்பனிச் சட்டப்படி முடியாது என்றேன். அப்படி ஒரு சட்டம் இல்லை.

மயிலம்மா தலையாட்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் ஒரு தரம் திரும்பினாள்.

"நீங்க எழுதித் தர ஏலாது, என்னங்க மிஸ்? நான் மட்டும் எழுதித் தந்தேனே."