அந்த வீட்டு வியர்வை யாருடையது?

எதிர்வீட்டில் வியர்வை என்றால் அது அந்த வீட்டு மனிதருக்கு மட்டும்தான் சொந்தம். சின்ன வயதில் பரீட்சைத் தாளை நனைத்த நாளிலிருந்து உள்ளங்கையில் ஊற்றுதான். தெருவில் அவர் பெயரே 'ஈரக்கை'.

ஆறேழு மாதமாக அவர் மனைவிக்கும் வியர்த்தது. கழுத்து, முதுகு, உடம்பு முழுக்க. யார் கவனித்தோம்? அவள் இளைத்ததைத்தான் கவனித்தோம். இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுக் கொடியாக நிற்கிறாளே! ரகசியம் என்னவென்று மாடிவீட்டுக்காரி நச்சரித்தாள். நான் நச்சரிக்கவில்லை, எதிர்வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்ததோடு சரி. படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்று அவள் சொன்னபோது, "மெலிஞ்சா அப்படித்தான்" என்று வைத்தியமும் பார்த்துவிட்டாள் மாடிவீட்டுக்காரி.

இதற்கிடையில் ஈரக்கையின் ஆபீசில் விரல்ரேகை மெஷின் வைத்தார்கள். அது அவரை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. டாக்டரிடம் கிளம்பினார். பழைய மருந்துச் சீட்டெல்லாம் தன் கையில் நனைந்துவிடுமென்று, அவற்றைத் தூக்கிக்கொள்ள மனைவியையும் கூட்டிப்போனார். எனக்கும் அன்றைக்கென்று பிரஷர் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் அறைக் கதவு சரியாகச் சாத்தாது, அது என் குற்றமா?

"தூக்கத்திலயும் கை வியர்க்குதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நான்தான் தூங்கிடுவேனே!"

"காய்ஞ்சு கிடக்கும் டாக்டர்," என்றாள் மனைவி. "நான் முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். எனக்குத்தான் தலையணை வரைக்கும் நனைஞ்சு போகுது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், சின்ன வயசுலேர்ந்து ரெண்டு கையில மட்டும், தூங்கினா நிக்குதுன்னா பயமில்ல. பூசிக்க மருந்து தர்றேன். எந்திரிங்க. அம்மா, நீங்க உக்காருங்க."

"டோக்கன் என் பேர்ல இருக்கு டாக்டர்..."

"காய்ச்சல், இருமல் உண்டா அம்மா?"

"இல்ல."

"பசி?"

"அதை மட்டும் கேக்காதீங்க," என்றார் ஈரக்கை.

கையை நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைத்தார் டாக்டரம்மா. மின்விசிறியை நிறுத்தியும் தாள் படபடவென்று ஆடியது. நாடி பிடித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"தைராய்டு அதிகமா சுரக்கிற மாதிரி இருக்கு. ரத்தம் பார்த்துடுவோம். இப்படியே விட்டா இதயத்துக்கு ஆகாது. இத்தனை நாளா யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அழகாயிட்டேன்னு சொன்னாங்க."

கதவுக்கு வெளியே எனக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. மாத்திரை ஆரம்பித்த பிறகு, தினமும் காலையில் எழுந்ததும் மனைவியின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது ஈரக்கையின் வேலையாகிவிட்டது. போன வாரம் அவர் போட்ட கூச்சல் என் சமையலறை வரை கேட்டது.

"அய்யோ, மறுபடியும் ஈரமா இருக்கே! கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம்!"

"கையை எடுங்க முதல்ல. அது உங்க வியர்வை!"

அவள் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த துண்டு ஒன்றை அவர் கையில் திணித்தாளாம். மின்விசிறியின் வேகத்தையும் ஒரு புள்ளி குறைத்தாளாம், இப்போதெல்லாம் தனக்குக் குளிர்கிறதென்று.